டியூஷன் சென்டரின் மே மாதம்: எந்த நாளில் என்ன சொல்வது?

சிறிய டியூஷன் சென்டர் ஒன்று ஒரு மாதத்தில் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் என்னென்ன செய்திகளை, எந்தெந்த நாளில், யாருக்கு அனுப்பப்போகிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் தாள்தான் பதிவு நாட்காட்டி. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், ஸ்டேட்டஸ், வாசலில் இருக்கும் கரும்பலகை, எப்போதாவது ஒரு நோட்டீஸ் என்று செய்தி போகும் வழி எதுவாக இருந்தாலும் தாள் ஒன்றேதான். அதில் மூன்று வகைச் செய்திகள் வரும்: படிப்புக் குறிப்பு, தேர்வு முடிவு, அறிவிப்பு. இவற்றை எந்த அளவில் கலப்பது என்பதில்தான் பெரும்பாலான சென்டர்கள் தடுமாறுகின்றன. ரிசல்ட் வரும் வாரத்தில் இருபது படங்கள் வரும்; அதற்கு முன்னும் பின்னும் சத்தமே இருக்காது. ஜூன் பிறந்ததும் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்ற ஒரே வரி தினமும் வந்து விழும். மூன்றாவது நாளே பெற்றோர் அந்த எண்ணை மியூட் செய்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் தாளைப் போட்டுப் பார்க்க மே மாதத்தைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவுகள் அந்த மாதத்தில் வருகின்றன. அடுத்த ஆண்டுக்கான சேர்க்கையும் அப்போதுதான். பள்ளி விடுமுறை என்பதால் மாணவர்களின் கையில் நேரமும் இருக்கிறது. 2025 மே மாதத்தை எடுத்துக்கொண்டு, எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எழுபது பேர் படிக்கும், இரண்டு ஆசிரியர்கள் ஒரு வீட்டு மாடியில் நடத்தும் கற்பனைச் சென்டர் ஒன்றுக்கு இந்த நாட்காட்டியை எழுதிப் பார்க்கலாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எண்ணிக்கை. பாடம் நடத்தும் இரண்டு பேரே எழுதியும் அனுப்ப வேண்டும் என்றால் வாரத்துக்கு மூன்று பதிவுகளுக்கு மேல் தாங்காது. தினமும் ஒன்று என்று தொடங்குகிறவர்கள் பத்தாம் தேதிக்குள் ‘இனிய காலை வணக்கம்’ படத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஆகவே செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என மூன்று நாட்களை நிலையாக வைத்து, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிடலாம். செவ்வாய் மாணவருக்கு, வெள்ளி பெற்றோருக்கு, ஞாயிறு அறிவிப்புக்கு. 2025 மே மாதத்தில் நான்கு செவ்வாய், ஐந்து வெள்ளி, நான்கு ஞாயிறு. மொத்தம் பதின்மூன்று இடங்கள். கிழமைக்கு ஒரு வேலை என்று வைத்துவிட்டால், என்ன எழுதுவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

இந்தப் பதின்மூன்றில் தேர்வு முடிவுக்கென்று எந்த நாளையும் ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முடிவு வெளியாகும் நாள் அரசின் கையில் இருக்கிறது; சென்டரின் கையில் இல்லை. 2025இல் பிளஸ் டூ முடிவு மே 9ஆம் தேதி என்று முதலில் அறிவித்தார்கள். 8ஆம் தேதியே வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு முடிவு 19ஆம் தேதி திங்கட்கிழமை என்றிருந்தது. மூன்று நாள் முன்னதாக, 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. பிளஸ் ஒன் முடிவும் அதே நாளில் வெளியானது. 19ஆம் தேதிக்கென்று கட்டமிட்டு எழுதி வைத்திருந்த சென்டர், 16ஆம் தேதி ஊரே மதிப்பெண் பார்த்துக்கொண்டிருந்த காலையில் ‘கோடையில் கையெழுத்தைத் திருத்துவது எப்படி’ என்று பதிவு போட்டிருக்கும். அதனால் முடிவு சார்ந்த பதிவுகளைத் தேதி போடாமல் தாளின் ஓரத்தில் தனியாக எழுதி வைப்பதே வழி. நாள் உறுதியானதும் அவற்றை உள்ளே இழுத்து, அந்த நாளில் இருந்ததை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம். தள்ளக்கூடிய பதிவு எது, தள்ளக்கூடாதது எது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி போட்டு வைத்தால் அன்றைய பரபரப்பில் யோசிக்க வேண்டியிருக்காது. படிப்புக் குறிப்பைத் தள்ளலாம். வகுப்பு தொடங்கும் தேதியைச் சொல்லும் அறிவிப்பைத் தள்ள முடியாது.

ஓரத்தில் இருக்க வேண்டியவை நான்கு: ஒவ்வொரு தேர்வுக்கும் முடிவு நாள் காலையில் அனுப்பும் உதவிப் பதிவு ஒன்று, சில நாள் கழித்து அனுப்பும் சென்டரின் முடிவுப் பதிவு ஒன்று. முடிவு நாள் பதிவில் பெருமைக்கு இடமில்லை. எந்தத் தளத்தில் பார்ப்பது (tnresults.nic.in, results.digilocker.gov.in), கையில் என்ன வேண்டும் (ஹால் டிக்கெட்டில் உள்ள பதிவெண், பிறந்த தேதி), தளம் திறக்கவில்லை என்றால் சற்று நேரம் கழித்து முயலலாம், சந்தேகம் இருந்தால் அழைக்க எந்த எண் என்பவை போதும். மே 2ஆம் தேதி வெள்ளிக்கிழமைப் பதிவே இதற்கு முன்னோட்டமாக, ஹால் டிக்கெட்டைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லலாம். முடிவு நாள் காலையில் ஹால் டிக்கெட்டைத் தேடி வீட்டைப் புரட்டாத குடும்பம் குறைவு.

சென்டரின் முடிவுப் பதிவை அன்றே போடக்கூடாது. மூன்று நாளாவது பொறுக்க வேண்டும். தோல்வியடைந்த பிள்ளையின் வீட்டில் அன்று என்ன நிலைமை என்று ஆசிரியருக்குத் தெரியும். அந்த வீட்டுக்கும் அதே பிராட்காஸ்ட்தான் போய்ச் சேருகிறது. இன்னொரு காரணம் சட்டம். பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. தேர்ச்சி பெற்றவரின் பெயர், படம், அவர் சொன்ன பாராட்டு ஆகியவற்றை அவருடைய எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் விளம்பரத்தில் பயன்படுத்தக்கூடாது. அந்த ஒப்புதலையும் வெற்றிக்குப் பிறகுதான் வாங்க வேண்டும் என்கிறது அது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்கள் அதன் வரையறைக்குள் வருகின்றன. டியூஷன் என்ற சொல்லும் அந்த வரையறையில் இருக்கிறது. எழுபது பேர் படிக்கும் மாடி சென்டர் தப்ப முடியாது. ஜூன் மாதம் சேரும்போதே அட்மிஷன் படிவத்தின் அடியில் ‘படத்தைப் பயன்படுத்தச் சம்மதம்’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது இதற்குச் செல்லாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்பதால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். மதிப்பெண் பட்டியலைக் காட்ட வரும் நாளில் ஒரு சிறு தாளை நீட்டி வாங்கிக்கொள்வது எளிது. நாட்காட்டியில் முடிவுப் பதிவின் பக்கத்தில் ‘ஒப்புதல் வந்ததா’ என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால் அந்தப் பிள்ளையின் படம் போகாது.

படமே இல்லாமலும் நல்ல முடிவுப் பதிவு எழுத முடியும். உண்மையில் அதுதான் படிக்கிறவருக்கு அதிகம் சொல்கிறது. கற்பனைச் சென்டரில் பத்தாம் வகுப்பு கணக்குக்கு வந்தவர்கள் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் தேர்ச்சி, ஒருவருக்குக் கணக்கு போய்விட்டது. இதை 94 சதவீதத் தேர்ச்சி என்று எழுதினால் பெரிய பள்ளியின் கணக்குபோலத் தோன்றும். பதினெட்டுப் பேரில் ஒரே ஒருவர் இப்படியோ அப்படியோ போனால் சதவீதம் ஐந்துக்கு மேல் ஆடும். ஆகவே சிறிய சென்டர் தலைகளின் எண்ணிக்கையையே சொல்வது நேர்மை. பதிவு இப்படி இருக்கலாம்:

‘இந்த ஆண்டு நம்மிடம் கணக்கு படித்த 10ஆம் வகுப்பு மாணவர்கள் 18 பேர். 17 பேர் தேர்ச்சி. 60க்கு மேல் எடுத்தவர்கள் 9 பேர். அரையாண்டில் 40க்குக் கீழ் இருந்த 6 பேரில் 5 பேர் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற்றுள்ளனர். தேர்ச்சி பெறாத ஒரு மாணவருக்குத் துணைத் தேர்வு வரை கட்டணமின்றி வகுப்பு நடக்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்கும் நன்றி.’

இதில் கனமான வரி அரையாண்டைப் பற்றியது. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் சென்டம் படத்தைப் பார்த்து வரக்கூடும். ஆனால் தெருமுனை டியூஷனைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு, கணக்கில் திணறும் பிள்ளைதான் கவலை. அவர்களுக்கு வேண்டிய பதில் அந்த ஆறு பேர் கணக்கில் இருக்கிறது. அரையாண்டுத் தாளும் பொதுத்தேர்வுத் தாளும் ஒன்றல்ல என்பதால் ‘இவ்வளவு மதிப்பெண் கூட்டிவிட்டோம்’ என்று இதை வைத்துப் பேச முடியாது; எங்கிருந்து எங்கே என்று மட்டும் சொல்லலாம். கடைசி வரியில் வரும் பள்ளி ஆசிரியரை விட்டுவிடுவதும் தப்பு. ஒரே பிள்ளையை இரண்டு மூன்று இடங்கள் ‘எங்கள் மாணவி’ என்று பிளக்ஸில் போடுவது ஊர் அறிந்த வேடிக்கை. முதல் மூன்று இடங்களை அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசே 2017இல் நிறுத்திவிட்டது. டியூஷன் சென்டர்கள் மட்டும் ‘முதலிடம்’ என்று எதை வைத்து எழுதுகின்றன என்பது தெரியவில்லை.

இனிப் படிப்புக் குறிப்பு. மாதத்தில் அதிக இடம் பிடிப்பது இதுதான். மோசமாக எழுதப்படுவதும் இதுதான். ‘அதிகாலையில் எழுந்து படியுங்கள்’, ‘கவனச் சிதறலைத் தவிருங்கள்’ போன்ற வரிகளை எந்த மாணவரும் இரண்டாம் தடவை படிப்பதில்லை. ஒரு குறிப்பு தேறுமா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: இதைப் படித்ததும் இன்று மாலையே கையால் செய்ய ஏதாவது இருக்கிறதா? இருந்தால் குறிப்பு, இல்லாவிட்டால் உபதேசம்.

மே 6ஆம் தேதி செவ்வாய்க்கான குறிப்பை அந்த அளவுகோலில் எழுதிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கானது. கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். இரண்டும் சேர்ந்தால் 16. தேர்ச்சிக்கு வேண்டிய 35இல் கிட்டத்தட்டப் பாதி. இந்த இரண்டும் புதிதாக யோசிக்க வைக்கும் கேள்விகள் அல்ல, கைப்பழக்கத்தால் வருபவை. குறிப்பின் வாசகம் இவ்வளவுதான்: ‘இன்று ஸ்கேல், காம்பஸ், கோணமானி எடுத்து வையுங்கள். புத்தகத்தில் வடிவியல் பாடத்தில் உள்ள முதல் தொடுகோடு எடுத்துக்காட்டைப் பார்த்து ஒரு முறை வரையுங்கள். நாளை மறுநாள் பார்க்காமல் வரையுங்கள். தவறு எந்த இடத்தில் வந்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.’ நான்கு வரி. அலைபேசித் திரையை மேலே தள்ளாமல் படித்து முடிக்கலாம்.

அடுத்த செவ்வாய்க்கு ‘மூடிவைத்து எழுது’ என்ற குறிப்பு. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, ஒரு முறை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதிப் பார்ப்பது நெடுநாள் நிற்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் சோதித்துக் காட்டினார்கள். அந்தச் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. படித்து ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. திரும்ப வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் ஏன் வருகிறது, பரீட்சையில் ஏன் மறந்துபோகிறது என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. இதைப் பெற்றோருக்கும் ஒரு வரியில் சொல்லி வைத்தால், ‘வாய்விட்டுப் படி’ என்று பிள்ளையைத் துரத்துவது சற்றுக் குறையலாம். குறிப்பில் ஆய்வாளர் பெயர் தேவையில்லை. அறிவியல் புத்தகத்தில் ‘இயக்க விதிகள்’ பாடத்தின் ஒரு பக்கத்தைக் குறிப்பிட்டு, மூடிவைத்து எழுதச் சொன்னால் போதும். 20ஆம் தேதி அதன் தொடர்ச்சி: அதே பக்கத்தை இப்போது மறுபடி எழுதிப் பார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது என்ற தனிப் பாடம் எடுக்காமலேயே மாணவர் அதைச் செய்துவிடுகிறார். 27ஆம் தேதி முதல் வாரத்துக்கான தயாரிப்பு: கணக்கில் ‘உறவுகளும் சார்புகளும்’ முதல் பயிற்சியைப் புரட்டிப் பார்த்துப் புரியாத இரண்டு கேள்விகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லலாம். வகுப்பு தொடங்கும் நாளில் அந்தக் கேள்விகளோடு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால், செவ்வாய்ப் பதிவுகளை யார் படிக்கிறார்கள் என்பது வெளிச்சமாகிவிடும்.

வெள்ளிக்கிழமைகள் பெற்றோருக்கு. பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளான 9ஆம் தேதி, விடைத்தாள் நகல் கேட்பது, மறுகூட்டல் என்பவற்றுக்குக் குறுகிய காலமே இருக்கும், பள்ளியில் உடனே விசாரியுங்கள் என்று நினைவூட்டலாம். 16ஆம் தேதி வெள்ளியைப் பத்தாம் வகுப்பு முடிவு நாள் பதிவு எடுத்துக்கொண்டது. அன்று இருந்திருக்க வேண்டியது 30ஆம் தேதிக்குப் போகிறது. 23ஆம் தேதி துணைத் தேர்வைப் பற்றி எழுத வேண்டும். இதை எவ்வளவு நெருக்கடியிலும் தள்ளக்கூடாது. ஒரு பாடம் போன பிள்ளை ஒரு வருடம் வீணாகிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஜூன் இறுதியிலும் ஜூலை முதல் வாரத்திலும் துணைத் தேர்வு நடக்கிறது, தேர்ச்சி பெற்றால் அதே ஆண்டில் மேலே படிக்கப் போகலாம், விண்ணப்பிக்கக் கடைசி நாளைப் பள்ளியில் கேளுங்கள் என்ற மூன்று வரி அந்த வீட்டுக்கு மாதத்தின் மற்ற எல்லாப் பதிவையும்விடப் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அறிவிப்பில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். 4ஆம் தேதி சேர்க்கை தொடங்கும் நாள், 11ஆம் தேதி வகுப்புகளும் நேரமும், 18ஆம் தேதி கட்டணம், 25ஆம் தேதி தொடக்கம் பற்றிய நினைவூட்டல். கடைசிப் பதிவு இப்படி அமையலாம்: ‘10ஆம் வகுப்பு கணக்கு, அறிவியல். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும். ஜூன் 4 புதன் முதல், மாலை 5.30 – 7.30. இரு பாடத்துக்கும் சேர்த்து மாதம் ரூ.800. சேர்வதற்கு மே 26 – 31, மாலை 5 முதல் 7 வரை நேரில் வரலாம். முதல் இரண்டு வகுப்பைப் பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டினால் போதும்.’ பள்ளிகள் ஜூன் 2 திங்கட்கிழமை திறந்ததால் இரண்டு நாள் விட்டு வகுப்பு வைத்திருக்கிறது. கட்டணத்தை எழுதாமல் ‘தொடர்புக்கு’ என்று மட்டும் போடுவது வழக்கம். அழைப்பு வரட்டும் என்ற கணக்கு அது. வருவது ‘ஃபீஸ் எவ்வளவு சார்?’ என்ற ஒரே கேள்வி. பாடம் நடத்தும் நேரத்தில் ஆசிரியர் அதற்கே நாற்பது முறை பதில் சொல்லிக்கொண்டிருப்பார். அறிவிப்பு அனுப்பிய பிறகும் அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், எழுதியதில் அந்தத் தகவல் விடுபட்டிருக்கிறது அல்லது மூழ்கிப் போயிருக்கிறது என்று பொருள்.

எப்படி அனுப்புவது என்பதில் இரண்டு வரம்புகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். மாணவிகளின் எண்களும் அதில் இருக்கும். பிராட்காஸ்ட் லிஸ்டில் அந்தச் சிக்கல் இல்லை, பதிலும் ஆசிரியருக்கு மட்டுமே வரும். ஆனால் சென்டரின் எண்ணைத் தம் அலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். அனுப்பியாகிவிட்டது என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டிருப்பார், பாதிப் பேருக்குப் போயிருக்காது. பதிவை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று தெரியும். அட்மிஷனுக்கு வரும் பெற்றோரின் அலைபேசியில் எதிரிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுவது பின்னால் நிறைய தொல்லையை மிச்சப்படுத்தும்.

இவ்வளவையும் ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடலாம். நோட்டில் கோடு போட்டாலும் சரி, கணினியில் அட்டவணை போட்டாலும் சரி, தேதி, யாருக்கு, பதிவின் முழு வாசகம், தள்ளலாமா, ஒப்புதல், யார் அனுப்புவது என்று ஆறு பத்திகள் போதும். முழு வாசகத்தையும் அன்றே எழுதிவிட வேண்டும். ‘செவ்வாய் – கணக்கு டிப்ஸ்’ என்று தலைப்பு மட்டும் எழுதிவைத்த நாட்காட்டி முதல் வாரத்தோடு நின்றுவிடும். செவ்வாய் மாலை வகுப்பு முடிந்து களைத்த பிறகு புதிதாக எழுத யாருக்கும் தெம்பு இருப்பதில்லை.

மாதக் கடைசியில் பார்க்க வேண்டியவை இரண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் யார் சொல்லி வந்தார்கள் என்று கேட்டுப் படிவத்திலேயே குறித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மாவின் பெயர் வரும். பதிவு அவருக்குப் போனது, அவர் அதை இன்னொருவருக்கு ஃபார்வேர்ட் செய்தார் என்பதையும் விசாரித்தால் எந்தப் பதிவு கை மாறியது என்று தெரியும். அடுத்தது, பதிவுக்குப் பதிலாக மாணவர்கள் அனுப்பிய கேள்விகள். தொடுகோடு வரைந்து படம் எடுத்து அனுப்பிய மூன்று பேர் இருந்தால் அந்த வகைக் குறிப்பு ஜூனிலும் தொடரலாம். ஒருவரும் எதுவும் கேட்காத குறிப்பை நீக்கிவிட்டு வேறொன்றைப் போடலாம். ஜூன் நாட்காட்டியில் ஓரத்துப் பதிவுகளில் துணைத் தேர்வுக்கானது மட்டுமே மிஞ்சும். ஞாயிறு அறிவிப்பும் மாதத்துக்கு ஒன்றாகச் சுருங்கும். அந்த இடங்களில் முதல் பாடத்தின் சிறு தேர்வு நாள், அதற்குரிய ஐந்து கேள்விகள், அடுத்த வாரம் அவற்றின் விடைகள் என்று வகுப்பறையே பதிவுகளைக் கொடுக்கத் தொடங்கிவிடும்.